பூஞ்சைக்கு மட்டும் ஏன் ஒரே ஊசி?

2021 மே, ஜூன் மாதங்களில் மூக்கிலிருந்து எடுத்த திசு எங்கள் லேபுக்கு வராத நாளே கிடையாது. நான் மைக்ரோபயாலஜி டாக்டர், நோயாளியை நேரில் பார்ப்பது குறைவு. ஆனால் ஒரு நோயாளியின் மனைவி ரிப்போர்ட் வாங்க லேப் வாசலுக்கே வந்து நின்றார். கணவருக்கு ஐம்பது வயது, சர்க்கரை உண்டு. கோவிடுக்கு ஸ்டீராய்டு போட்டு வீட்டுக்குப் போன இரண்டாவது வாரம் கன்னம் மரத்துப்போய், ஒரு கண் வீங்கியிருக்கிறது. சைனஸ் என்று வெளியில் ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள்.

திசுவில் கே.ஓ.எச். என்ற காரத்தை ஒரு துளி விட்டு வைத்தால் மனித செல்கள் கரைந்துவிடும், பூஞ்சையின் சுவர் கரையாது. மைக்ராஸ்கோப்பில் அகலமான ரிப்பன் மாதிரி இழைகள், நடுவே தடுப்பே இல்லாமல், கிட்டத்தட்ட செங்கோணத்தில் கிளை பிரிந்து கிடந்தன. மியூகர்தான், கருப்புப் பூஞ்சை என்று எல்லோரும் சொன்னது. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சை என்றால் இழை மெல்லியதாக இருக்கும், தடுப்புகள் தெரியும், கிளையும் சாய்வாகப் பிரியும். கல்ச்சருக்குப் போடும்போது மியூகர் திசுவை அரைக்கக் கூடாது, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கித்தான் வைக்க வேண்டும். தடுப்பில்லாத குழாய் என்பதால் ஒரு இடத்தில் நசுங்கினாலே நீளமாகச் செத்துவிடும், அப்புறம் எதுவும் வளரவில்லை என்று ரிப்போர்ட் போகும்.

வார்டுக்கு உடனே போன் செய்தேன். எடுத்த ட்யூட்டி டாக்டர், "மேடம், ஆம்போடெரிசின் ஸ்டாக் இல்லை, வோரிகொனசோல் இருக்கு, அதை ஆரம்பிச்சிடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். அது ஆஸ்பர்ஜில்லஸுக்கு நல்ல மருந்து, மியூகருக்கு வேலை செய்யாது, இதற்கு ஆம்போடெரிசின் ஊசிதான். அதைப் போட்டுவிட்டு மருந்து கொடுத்தாயிற்று என்று இரண்டு நாள் நிம்மதியாக இருப்பதுதான் ஆபத்து.

வாசலில் நின்ற அம்மா கேட்டது இதைத்தான்: "டாக்டரம்மா, ஆன்டிபயாடிக்னா ஒண்ணு கேக்கலன்னா இன்னொண்ணு மாத்தறீங்க. இதுக்கு மட்டும் ஏன் ஒரே ஊசி?"

பாக்டீரியா நமக்கு ரொம்ப தூரத்து உயிர். அதன் சுவர் வேறு, புரதம் செய்யும் ரைபோசோம் வேறு. நம்மிடம் இல்லாத அந்தச் சுவரைப் பெனிசிலின் தாக்குகிறது, நம் செல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை. பூஞ்சை அப்படியில்லை. உட்கரு, ரைபோசோம் என்று உள்ளே பெரும்பாலும் நம் செல் மாதிரியே இருக்கிறது. அதைக் கொல்லும் விஷம் நம்மையும் தொடும். வித்தியாசமான இடங்கள் கொஞ்சம்தான். முக்கியமானது செல் சவ்வு: நம் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் பூஞ்சைக்கு எர்கோஸ்டெரால். அதைத் தயாரிக்கும் என்சைமை வோரிகொனசோல் போன்ற அசோல்கள் அடைக்கின்றன, ஆனால் மியூகரில் அந்த என்சைமின் வடிவம் கொஞ்சம் வேறு, வோரிகொனசோல் அதில் சரியாக உட்காராது. காஸ்போஃபங்கின் வகை ஊசிகள் சுவரிலுள்ள குளுக்கானைக் கட்டவிடாமல் தடுக்கும். அதுவும் மியூகருக்குத் தனியாகப் போதாது.

ஆம்போடெரிசின் நேராக எர்கோஸ்டெராலையே பிடித்துச் சவ்வைக் குலைக்கிறது. ஆனால் கொலஸ்ட்ராலும் அதே குடும்பம்தானே, மருந்து கொஞ்சம் அதையும் பிடிக்கும். அடி வாங்குவது சிறுநீரகம். மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் வைத்த லிப்போசோமல் வகையில் இந்தச் சேதம் குறைவு. ஆனால் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 300, அதாவது 50 மில்லிகிராம் குப்பி ஆறு. வாரக்கணக்கில் போட வேண்டும். அந்த மாதம் ஆறு குப்பிக்கு எங்கே போவது?

அவருக்கு முதலில் கிடைத்தது பழைய வகைதான். அதை டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும், சலைனில் கலந்தால் திரிந்துவிடும். "சர்க்கரைக்காரருக்கு டெக்ஸ்ட்ரோஸா மேடம்?" என்று வார்டு சிஸ்டர் போனில் கேட்டார். நியாயமான கேள்வி. இன்சுலினைக் கூட்டிச் சமாளித்தோம். ஐந்தாம் நாள், சிறுநீரகச் சேதத்தைக் காட்டும் கிரியாட்டினின் 1.1லிருந்து 2.3க்கு ஏறியது, பொட்டாசியம் 2.8க்கு இறங்கியது. பொட்டாசியம் ஏற்றினார்கள். அதற்குள் லிப்போசோமல் வந்ததால் மாற்ற முடிந்தது.

இத்தனைக்கும் மருந்து மட்டும் போதாது. மியூகர் ரத்தக்குழாய்க்குள் நுழைந்து அடைத்துவிடுகிறது, திசு செத்துக் கறுக்கிறது. கருப்புப் பூஞ்சை என்ற பெயர் அதனால்தான் ஒட்டிக்கொண்டது, பூஞ்சையின் நிறம் கருப்பல்ல. ரத்தம் போகாத இடத்துக்கு ஊசி மருந்தும் போகாது. செத்ததைச் சுத்தமாக வெட்டி எடுக்க வேண்டும், இ.என்.டி. டாக்டர்கள் அவருக்கு மூன்று முறை எடுத்தார்கள். மேல் அண்ணத்தில் ஒரு பகுதி போய்விட்டது. கண் தப்பியது.

டிஸ்சார்ஜ் அன்று போசகொனசோல் மாத்திரைச் சீட்டோடு அந்த அம்மா மறுபடி லேப் வாசலுக்கு வந்தார். அசோல்தான், ஆனால் மியூகரில் வேலை செய்யும் அசோல். "இது கிட்னியை ஒண்ணும் பண்ணாதுல்ல?" என்றார். அந்த ஊசி அளவுக்குப் பண்ணாது, ஆனால் மற்ற மாத்திரைகளோடு மோதும், புதிதாக எது எழுதிக் கொடுத்தாலும் இந்தச் சீட்டைக் காட்டுங்கள் என்றேன். சீட்டை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.