187-ஆம் எண் வீடு

2025 பிப்ரவரி 3

ஜனவரி 5-ஆம் தேதியோடு தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டதால் வட்டார வளர்ச்சி அலுவலரே இப்போது தனி அலுவலர். கணக்குகள் மட்டும் வழக்கம்போல் ஊராட்சி செயலரான என் மேசையில் கிடக்கின்றன. நகராட்சியோடு சேரப்போவதால், வீட்டு வரிப் பதிவேட்டைத் தெருத் தெருவாகச் சரிபார்த்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பதிவேட்டில் கூரையா, ஓடா, மாடியா என்பதும் உரிமையாளர் பெயரும் இருந்தாலே காலம் ஓடிவிடும். அவர்கள் படிவமோ சதுர அடி, கட்டிய ஆண்டு, குடியிருப்பா கடையா என்று ஒவ்வொன்றையும் கேட்கிறது.

பிப்ரவரி 11

மேலத்தெருவில் பதிவேட்டின்படி 46 வீடுகள். நடந்து எண்ணியபோது 53 மின்மீட்டர்கள் இருந்தன. ஐந்து, இன்னும் வரி விதிக்கப்படாத புது வீடுகளுக்குரியவை. ஒன்று, கிணற்று மோட்டாருக்கானது. மிச்சமிருந்த ஒன்று 187-ஆம் எண் வீட்டில் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஓட்டு வீடு. உள்ளே கூடத்தின் நடுவே சுவர் எழும்பி, அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனி அடுப்படியும் மீட்டருமாக இருக்கிறது. வரி மட்டும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே வருகிறது. ரசீது அடிக்கட்டைகளில் கட்டியவர் பெயரை நான் பென்சிலில் குறித்து வைப்பது வழக்கம் என்பதால், ஓராண்டு அண்ணனும் மறு ஆண்டு தம்பியும் பேசிவைக்காமலே மாறி மாறிக் கட்டிவந்திருப்பது தெரிந்தது.

பிப்ரவரி 14

காலையில் அண்ணனும் மாலையில் தம்பியும் வந்து, தத்தம் பெயரில் ஏற்றச் சொன்னார்கள். வரி ரசீது பட்டாவோ பத்திரமோ ஆகாது என்று எத்தனை முறை சொன்னாலும் ஊரில் யாரும் நம்புவதில்லை. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும், பிரித்து எழுதப் பாகப்பிரிவினைப் பத்திரமும் வேண்டும் என்றேன். வாரிசுச் சான்றில் தாயார் பெயரும் வரும் என்பதை இருவருமே நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 20

அந்த அம்மாவே நூறு நாள் வேலை அட்டையுடன் வந்தார். இந்த ஆண்டு 62 நாள் வேலை செய்திருக்கிறார். கூலி நாளுக்கு 319 ரூபாய்.

“டவுனாயிட்டா இந்த வேலை கிடையாதாமே தம்பி?”

அந்தச் சட்டம் கிராமப் பகுதிக்கு மட்டுமே உரியது என்பதை எப்படிச் சொன்னாலும் ஒன்றுதான். சொல்லிவிட்டேன். அட்டையை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டவர், வாசலில் நின்று கேட்டார்.

“வீடு இன்னும் அவுக பேர்லதான் இருக்கா?”

“ஆமாம்மா.”

“அப்படியே இருக்கட்டும்.”

மார்ச் 18

தட்டச்சான பட்டியல் சரிபார்ப்புக்கு வந்தது. 187-இல் தகப்பனார் பெயர் பிழையின்றி இருந்தது. நான் அருகில் எழுதியிருந்த ‘வாரிசுகள் அனுபவத்தில்’ என்ற குறிப்பைக் காணவில்லை, அதற்கென்று அவர்களிடம் கட்டமே இல்லையாம். கைபேசி எண் இல்லாத பதிவு கணினியில் ஏறாது என்று சிவப்பு மையில் சுழித்திருந்தார்கள். எந்த மகனுடைய எண்ணைக் கொடுத்தாலும் வம்பு, அந்த அம்மாவிடம் கைபேசி கிடையாது. என் எண்ணை எழுதி அனுப்பிவிட்டேன்.