பத்தரை லட்சம் யாருக்கு?

சென்னையில் ஒரு சிறிய முதலீட்டு ஆலோசனை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் வேலையில் இருந்தேன். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் அறிக்கையில் “20 வருடத்தில் எதிர்பார்க்கும் தொகை” என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் வரும் எண்ணைப் போடுவது என் பொறுப்பு.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேத்தியின் படிப்புக்காக 1 லட்சம் போட வந்திருந்தார். என் அறிக்கை 10.5 லட்சம் என்றது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தக் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: “தம்பி, என்னை மாதிரி நூறு பேர் போட்டா, எத்தனை பேருக்கு இந்தத் தொகை வரும்?”

பாதிப் பேருக்கு வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தது இல்லையே என்று உறைத்தது. “நாளைக்குச் சொல்றேன் அம்மா” என்றேன்.

அன்று மாலை அந்த எண்ணைத் தரும் எங்கள் கணிப்பு மாதிரியைக் காகிதத்தில் எளிமையாக்கி எழுதினேன். நல்ல வருடத்தில் பணம் 1.4 மடங்காகும், மோசமான வருடத்தில் 0.85 மடங்காகும், இரண்டுக்கும் சமவாய்ப்பு. ஒரு வருடத்துக்கான சராசரி மடங்கு 1.125. இதை 20 முறை பெருக்கினால் சுமார் 10.5. அறிக்கையில் இருந்த எண் இதுதான், கூட்டல் பெருக்கலில் பிழை இல்லை.

சரி, இரண்டே வருடம் எடுத்துக்கொள்வோம் என்று நான்கு வழிகளையும் எழுதினேன். நல்லது-நல்லது என்றால் 1.96. நல்லது-மோசம், மோசம்-நல்லது இரண்டுமே 1.19. மோசம்-மோசம் 0.7225. நான்கின் சராசரி 1.266. நான்கு பேரில் மூன்று பேர் அதற்குக் கீழே! அந்த ஒரு 1.96தான் சராசரியை மேலே தூக்கி வைத்திருக்கிறது. வரிசையில் நடுவில் நிற்பவருக்கு, அதாவது இடைநிலைக்கு, 1.19தான்.

20 வருடத்துக்குப் போனால் இடைவெளி இன்னும் விரிகிறது. நடுவில் நிற்பவருக்கு 10 வருடம் நல்லது, 10 வருடம் மோசம். 1.19-ஐ 10 முறை பெருக்கினால் சுமார் 5.7. அதாவது 5.7 லட்சம். பத்தரையைத் தாண்ட 20-ல் குறைந்தது 12 நல்ல வருடங்கள் வேண்டும். 11 வந்தால்கூட 9.4 லட்சத்தில் நின்றுவிடும். 12 அல்லது அதற்கு மேல் வரும் வாய்ப்பு 25 சதவீதம். அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது: நூற்றில் இருபத்தைந்து பேருக்கு.

சராசரியும் இடைநிலையும் இப்படி விலகுவதற்குக் காரணம் பெருக்கல்தான். பெருக்கலுக்கு மடக்கை எடுத்தால் அது கூட்டலாகிவிடும். ஒன்றையொன்று சாராத பல சிறு எண்களைக் கூட்டினால் கூட்டுத்தொகை மணி வடிவ இயல்நிலைப் பரவலை நெருங்கும். ஆக, கடைசித் தொகையின் மடக்கை இயல்நிலையில் பரவும், தொகையோ லாக்-நார்மல் பரவலில் இருக்கும். தொகை பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. மேலே எல்லை கிடையாது. அதனால் வலப்பக்கம் நீண்ட வால் வளர்கிறது. மடக்கையின் சராசரி μ, பரவற்படி σ² என்றால்:

```
median = exp(μ)
mean   = exp(μ + σ²/2)
```

நம் கணக்கில் 20 வருடத்துக்கு μ சுமார் 1.74, σ² சுமார் 1.245. இடைநிலையைப் போல சராசரி 1.86 மடங்கு வருகிறது. கையால் போட்ட 10.5-க்கும் 5.7-க்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட இதேதான். வருடம் கூடக்கூட σ²-ம் அதே விகிதத்தில் கூடும். 40 வருடத்துக்கு அதே 1 லட்சத்தின் இடைநிலை 32 லட்சம், சராசரி 111 லட்சம்.

இதற்கு ஓர் அறிகுறி முன்பே என் கண்ணில் பட்டிருந்தது. நல்ல வருடமா மோசமான வருடமா என்று ஒவ்வொரு முறையும் கணினியையே குலுக்கிப் போடச் சொல்லி, 20 வருடக் கணக்கைச் சில நூறு ஓட்டங்கள் ஓட்டினால், ஒவ்வொரு முறையும் சராசரி வேறு வேறாகக் குதிக்கும், இடைநிலை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். ஓட்டங்கள் போதவில்லை என்று நினைத்து எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தேன். வாலில் உள்ள விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய தொகைகள்தான் சராசரியை ஆட்டுகின்றன என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

மாதாமாதம் பணம் போடும் திட்டங்களுக்கு இந்தச் சூத்திரத்தை அப்படியே வைக்க முடியாது. ஒவ்வொரு தவணையும் தனியாக வளர்ந்து கடைசியில் கூட்டப்படுகிறது. லாக்-நார்மல் தொகைகளின் கூட்டல் லாக்-நார்மல் ஆகாது. அதற்கு ஓட்டங்கள் ஓட்டி வரிசைப்படுத்திப் பார்க்கத்தான் வேண்டும். சந்தையில் ஒரு வருடம் அடுத்த வருடத்தைச் சாராமல் இருக்கும் என்பதும் நாமே வைத்துக்கொண்ட அனுமானம்தான்.

மறுநாள் அந்த அம்மாவிடம் புதிய தாளைக் கொடுத்தேன். நடுவில் 5.7 லட்சம். இடப்பக்கம் 1.3 லட்சம், பத்தில் ஒருவருக்கு இவ்வளவோ இதைவிடக் குறைவாகவோதான் வரும். வலப்பக்கம் 25 லட்சம், பத்தில் ஒருவருக்கு இவ்வளவோ அதற்கு மேலோ வரலாம். அவர் இடப்பக்க எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு, “அப்போ பாதியைத்தான் இதுல போடணும், மீதி வங்கியிலேயே இருக்கட்டும்” என்றார். அன்றே அறிக்கையில் இருந்த அந்த ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிட்டு மூன்றாக்கினேன்.