பீமின் தொய்விலிருந்து மோட்டாரின் இயல் அதிர்வெண்: மதிப்பெண் போகும் இடங்கள்

பி.இ. மெக்கானிக்கல் படிப்பவர்களுக்குப் பழக்கமான கணக்கு இது. இரு முனைகளிலும் தாங்கப்பட்ட பீமின் நடுவில் 60 கிலோ மோட்டார். அதை வைத்ததும் பீம் 0.4 மி.மீ. தொய்கிறது. மோட்டார் 1440 ஆர்.பி.எம்.-ல் ஓடுகிறது. ஒத்ததிர்வு வருமா?

பலர் உடனே E, I தேடுவார்கள். தேவையே இல்லை. மோட்டாரின் எடையைத் தாங்குவது பீமின் விறைப்புதான், அதாவது mg = kδ. ஆகவே k/m = g/δ. நிறையும் தேவையில்லை, தொய்வு மட்டும் போதும்:

```
f = (1/2π) √(g/δ)
δ மி.மீ.-ல் என்றால்: f = 15.76/√δ  Hz
```

0.4-ஐப் போட்டால் 24.9 Hz. மோட்டாரின் வேகம் 1440/60 = 24 Hz. இரண்டும் ஏறக்குறைய ஒன்று, ஆபத்தான இடம்.

தவறு பெரும்பாலும் அலகில்தான் நடக்கும். δ-வை மி.மீ.-லேயே விட்டு g-க்கு 9.81 போட்டால் விடை 0.79 Hz என்று வரும். அரை மி.மீ.கூடத் தொய்யாத பீம் நொடிக்கு ஒரு முறைகூட ஆடாது என்றால் நம்ப முடியுமா? அங்கேயே சந்தேகப்பட வேண்டும். இன்னொன்று, 2π-ஆல் வகுக்க மறப்பது. √(g/δ) தருவது 156.6 ரேடியன்/நொடி. அதை 24 Hz-உடன் ஒப்பிட்டு "பாதுகாப்பானது" என்று எழுதினால் முடிவே தலைகீழ்.

கேள்வியில் பீமின் நிறையும் (20 கிலோ என்போம்) கொடுத்திருந்தால் சும்மா கொடுத்திருக்க மாட்டார்கள். பீம் முழுவதும் ஒரே அளவு ஆடுவதில்லை. நடுவில் அதிகம், தாங்கிகளில் பூஜ்யம். அதனால் அதன் நிறையில் 17/35 பங்கை மட்டும் மோட்டாருடன் கூட்ட வேண்டும்: 60 + 9.7 = 69.7 கிலோ. 0.4 மி.மீ. மோட்டாரால் மட்டும் வந்த தொய்வு என்பதால் k மாறாது. 24.9-ஐ √(60/69.7)-ஆல் பெருக்கினால் 23.1 Hz. கான்டிலீவர் முனையில் மோட்டார் இருந்தால் அந்தப் பங்கு 33/140.

இதைக் கவனியுங்கள்: பீமின் நிறையைச் சேர்க்காதபோது இயல் அதிர்வெண் ஓடும் வேகத்துக்கு மேலே இருந்தது, சேர்த்ததும் கீழே இறங்கிவிட்டது. எப்படிப் பார்த்தாலும் இடைவெளி 4 சதவீதம்தான்; பீமை மாற்றியே ஆக வேண்டும். செவ்வக பீமின் ஆழத்தை இரட்டிப்பாக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகி 0.05 மி.மீ. ஆகும். பீமின் நிறையும் 40 கிலோவாகும் என்பதைச் சேர்த்தே கணக்கிட்டால் 61 Hz வருகிறது. 24-இலிருந்து நல்ல தூரம்.

ஆனால் இது செங்குத்துத் திசைக்கு மட்டும். ஆழத்தை இரட்டித்தாலும் பக்கவாட்டு விறைப்பு இரண்டு மடங்கே கூடும், எட்டு மடங்கு அல்ல. சமநிலை தவறிய ரோட்டர் பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் திசையின் அதிர்வெண்ணை இந்தத் தொய்வை வைத்துச் சொல்ல முடியாது. ரப்பர் மவுன்ட் மேல் மோட்டார் இருந்தாலும் எச்சரிக்கை தேவை. அசையும்போது ரப்பரின் விறைப்பு கூடுவதால், உண்மை அதிர்வெண் சூத்திரம் சொல்வதைவிட மேலே இருக்கும்.