அங்கிக்குள் விழ வேண்டிய நிழல்

சிறிய மருத்துவமனை ஒன்றின் வரவேற்பறையில் மாட்டுவதற்காக, அங்கே பணிபுரியும் ஆறு பேரின் படங்கள் அடங்கிய சுவரொட்டியை வடிவமைக்கும் வேலை என்னிடம் வந்தது. ஐந்து பேர் வெள்ளைக் கோட்டுடன் படம் அனுப்பியிருந்தார்கள். ஆய்வக உதவியாளர் மட்டும் விடுப்பில் இருந்ததால், வீட்டு ஜன்னலோரம் சாதாரணச் சட்டையில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தார். அவர் அன்றாடம் கோட்டு அணிந்தே வேலை செய்பவர் என்பதை நிர்வாகியிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அணியாத ஒருவருக்கு அதைப் போட்டுவிட்டால், பார்க்கும் நோயாளி அவரை மருத்துவர் என்றே எடுத்துக்கொள்வார்.

அவருடைய உடல்வாகுக்கு ஒத்த சக ஊழியரின் படத்திலிருந்து கோட்டை வெட்டியெடுத்துப் பொருத்தினேன். ஆனால் முகத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்தும், கோட்டில் வலப்பக்கத்திலிருந்தும் விழுந்திருந்தது. கோட்டை இடவலமாகத் திருப்பிப் போட்டேன். வெளிச்சம் சரியாகிவிட்டது, ஆனால் இடது மார்பில் இருந்த சட்டைப்பை வலப்பக்கம் போய்விட்டது, பொத்தான் வரிசையும் மாறிவிட்டது. நான் அதைக் கவனிக்கவே இல்லை; நாள்தோறும் அந்தப் பையில் பேனா செருகும் செவிலியர் ஒருவர்தான் மாதிரிப் படியைப் பார்த்தவுடன் சொன்னார்.

ஆகவே திருப்பியதைக் கைவிட்டு, அதே ஊழியரை மீண்டும் கோட்டணிந்து, ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கம் விழும்படி நிற்கச் சொல்லி, முந்தைய படத்தின் அதே உயரத்திலிருந்து எடுத்து அனுப்புமாறு கேட்டேன். பத்து நிமிடத்தில் கிடைத்த அந்தப் படம், திரையில் பல மணி நேரம் செய்திருக்கக்கூடிய திருத்தத்தை மிச்சப்படுத்தியது.

அதன் பிறகும் தலை கோட்டின்மேல் ஒட்டிவைத்தது போலவே தெரிந்தது. காரணம், தாடைக்குக் கீழே கழுத்திலும் காலரின் உட்புறத்திலும் விழ வேண்டிய நிழல் இல்லாததுதான். கீழிருக்கும் படத்தை இருளாக்கும் மல்டிப்ளை முறையில் ஒரு லேயர் சேர்த்து, கோட்டின் மடிப்பிலிருந்தே நிறத்தை எடுத்து, காலரை ஒட்டிய இடத்தில் அழுத்தமாகவும், வெளியே போகப் போக மங்கலாகவும் தீட்டினேன். வெள்ளைத் துணியின் நிழல் வெறும் சாம்பல் அல்ல. ஜன்னல் வெளிச்சத்தில் அதில் சற்று நீலம் கலந்திருக்கும். கறுப்பில் தீட்டினால் அழுக்குப் படிந்தது போல் ஆகிவிடும்.

கடைசியாக வெண்மையை அளந்தேன். கோட்டின் மார்புப் பகுதி சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வண்ண மதிப்புகளிலும் உச்ச அளவான 255-ஐத் தொட்டிருந்தது. அச்சில் அந்த இடத்தில் மையே விழாது, வெறுந்தாள்தான் தெரியும். வெளிர்ப் பின்னணியோடு தோள் கரைந்துவிடும். அதை 240 அளவுக்கு இறக்கிய பிறகும் மடிப்புகள் தெரியவில்லை, ஏனெனில் மிகை வெளிச்சத்தில் அழிந்த விவரம் திரும்பாது. நல்லவேளையாக அந்த ஊழியர் சற்றுக் குறைந்த வெளிச்சத்தில் எடுத்த இன்னொரு படமும் கைவசம் இருந்தது. அதிலிருந்து மார்புப் பகுதியை மட்டும் எடுத்து இணைத்து, அடுத்த மாதிரிப் படியை அந்தச் செவிலியரிடமே முதலில் காட்டச் சொல்லி அனுப்பினேன்.