மணிக்காக

மச்சி, உன் நாய் மணி போயிட்டான்னு நீ போட்ட பதிவைக் காலையிலேயே பார்த்துட்டேன். என்ன எழுதுறதுன்னு தெரியாம இப்பதான் வர்றேன். 13 வருஷம்! உன் கல்யாணத்துக்கு முன்னாடியே அந்த வீட்டுக்கு வந்தவன் மணி. நான் கேட்டைத் தொட்டாலே குரைப்பான். உள்ளே வந்ததும் என் செருப்புல ஒண்ணை மட்டும் கவ்விட்டுப் போய் மாடிப்படிக்குக் கீழே வச்சுக்குவான்.

"தண்ணி நிறைய குடிச்சான், வெயில்னு நினைச்சுட்டேன்"னு எழுதியிருந்தியே, அதுதான் மனசுல நிக்குது. எங்க ஜூலிக்கும் கிட்னிதான். நாய்க்குக் கிட்னி முக்கால்வாசி போற வரைக்கும் பெரும்பாலும் வெளியே ஒண்ணும் தெரியாதாம், சாப்பிடும், வாலாட்டும். தண்ணி அதிகமா குடிக்கிறது நம்ம கண்ணுல படும்போதே ரொம்ப தூரம் போயிருக்கும்னு டாக்டர் சொன்னார். அதனால நீ கவனிக்கலைன்னு மட்டும் சொல்லாதே. கடைசி ஒரு வாரம் ராத்திரி அவன் பக்கத்துல பாய் போட்டுப் படுத்தவன் நீ.

அவன் தட்டை யார் சொன்னாலும் இப்போ எடுக்காதே. ஜூலியோட சங்கிலி எங்க வீட்டு ஆணியில ஏழு மாசம் தொங்குச்சு.

சனிக்கிழமை வர்றேன். செருப்பை வாசல்லயே விடுறேன்.