கடிகாரத்தை மாற்றினேன், ஊசி நேரத்தை மாற்றியிருக்கக் கூடாது

மண்டபம் ஊரில் எங்கள் வீட்டில் இரவு 9 மணி என்றால் அது ஊசி நேரம். சர்க்கரை நோய்க்காகப் பல வருடமாக கிளார்ஜின் 20 யூனிட் போடுகிறேன். அது ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் இன்சுலின். அதோடு சாப்பாட்டுக்கு முன் போடும் விரைவு ஊசி தனி. மகளின் பிரசவத்துக்கு நியூ ஜெர்சி போக வேண்டி வந்தபோது, போகும்போது ஊசியை எப்படிப் போடுவது என்று மட்டும் ராமநாதபுரத்து டாக்டரிடம் கேட்டேன். திரும்பி வருவதைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

போகும்போது பயணம் சென்னையிலிருந்து துபாய், அங்கிருந்து 14 மணி நேரம் நியூயார்க். கோடைக்காலத்தில் நம் நேரத்துக்கும் அவர்கள் நேரத்துக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். டாக்டர் சொன்னது எளிமையாக இருந்தது: "விமானத்துல உங்க கைக்கடிகாரம் ஊர் நேரத்துலயே ஓடட்டும். 9 மணி ஆனா ஊசி போடுங்க. இறங்கினப்புறம் தினமும் 2 மணி நேரம் தள்ளிப் போடுங்க."

அப்படியே செய்தேன். ஊர் நேரம் 9 மணிக்கு விமானம் இன்னும் கடல் மேல்தான் இருந்தது. இருக்கையிலேயே 20 யூனிட் போட்டுக்கொண்டேன். அது நியூயார்க்கில் காலை 11.30. மறுநாள் மதியம் 1.30, அடுத்த நாள் 3.30 என்று தள்ளி, ஐந்தாம் நாள் இரவு 9 மணிக்கு வந்துவிட்டேன். தள்ளிப்போடும் நாட்களில் ஊசிக்கு முன் சர்க்கரை கொஞ்சம் ஏறியது. 26 மணி நேர இடைவெளி விட்டால் அப்படித்தான் இருக்கும்.

விரைவு ஊசியில் மட்டும் ஒரு கவனம் வேண்டியிருந்தது. வீட்டில் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்பே போட்டுவிடுவேன். விமானத்தில் தட்டு மடியில் வந்த பிறகுதான் போட்டேன். ஒரு முறை சாப்பாட்டு வண்டி இரண்டு வரிசை முன்னால் வந்து நின்றது. அப்போது குலுக்கல் தொடங்கி, பெல்ட் விளக்கு எரிந்து, வண்டி பின்னால் போய்விட்டது. முன்கூட்டியே போட்டிருந்தால் சாப்பாடு இல்லாமல் ஊசி மட்டும் உள்ளே போயிருக்கும்.

திரும்பும்போதுதான் தவறு நடந்தது. கிளம்பும் அன்று நியூயார்க் விமான நிலையத்தில் இரவு 9 மணிக்கு ஊசி போட்டேன். விமானத்தில் ஏறியதும், ஊருக்குப் போகிறோமே என்று கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றினேன். துபாயில் இறங்கியபோது அது 9 காட்டியது. பழக்கம்தான், இன்னொரு 20 யூனிட் போட்டுவிட்டேன். உண்மையில் முந்தைய ஊசி போட்டு பதினாலரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

களைப்பில் சரியாகச் சாப்பிடவும் இல்லை. சென்னை விமானத்தில் தூக்கத்திலிருந்து விழித்தபோது புடவை வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது. விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 58தான். பையில் பனங்கற்கண்டு இருந்தது, வாயில் போட்டேன். அது கரைவதற்கே நேரமானது. பணிப்பெண்ணிடம் ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக் குடித்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன்: 76. அப்புறம் பிஸ்கட் சாப்பிட்டேன். பழைய ஊசி, புதிய ஊசி இரண்டும் உடலில் இருக்கின்றன என்பதால், விடியும் வரை ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை குத்திப் பார்த்தேன்.

ஊருக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது டாக்டர் ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். மேற்கே போனால் நாள் நீளும், இரண்டு ஊசிக்கு நடுவே இடைவெளி விழும், சர்க்கரை ஏறும். கிழக்கே வந்தால் நாள் சுருங்கும், ஒரு ஊசியின் மேல் இன்னொன்று ஏறி உட்காரும், சர்க்கரை இறங்கும். "ஏறினா நேரம் இருக்கு, சரி பண்ணிக்கலாம். இறங்கினா அந்த நிமிஷமே பார்க்கணும்" என்றார். கடிகாரம் என்ன காட்டினாலும், கடைசி ஊசி போட்டு எத்தனை மணி நேரம் ஆச்சு என்று எண்ணச் சொன்னார்.

இரண்டாவது முறை போனபோது, ஊசி போட்ட நேரத்தை நியூயார்க், இந்தியா இரண்டு நேரத்திலும் ஒரு சின்ன நோட்டில் எழுதினேன். திரும்புகையில் நியூயார்க் இரவு 9 என்பது இங்கே காலை 6.30. அதனால் துபாயில் ஊசியைத் தொடவே இல்லை. விடிகாலை சென்னையில் இறங்கி, 6.30க்குத்தான் போட்டேன். கற்கண்டுக்குப் பதில் குளுக்கோஸ் பொடி கைப்பையில் இருந்தது. இன்சுலின் பேனாவும் கைப்பையில்தான். சரக்கு அறையில் உறைந்தால் அது வீணாகிவிடும்.

மறுபடி இரவு 9க்குத் திருப்பணுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "தினமும் ஒரே நேரமா இருந்தா போதும், காலையே இருக்கட்டும்" என்றார். இப்போது மண்டபத்தில் எனக்கு ஊசி நேரம் காலை 6.30. இந்த அளவுகளும் நேரங்களும் என் உடம்புக்குச் சொன்னவை. கிளம்புவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் டிக்கெட்டைக் காட்டி, போவதற்கு ஒரு தாள், வருவதற்கு ஒரு தாள் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.