தழும்பும் சிலிக்கோன் பட்டையும்: சிசேரியனுக்குப் பின் ஐந்து மாதக் குறிப்புகள்

ஜனவரி 24 (15-ஆம் நாள்)

தழும்பு தடிக்காமலிருக்க அதன்மேல் ஒட்டும் சிலிக்கோன் பட்டைப் பெட்டி ஐந்து நாட்களாக மேசைமேல் காத்திருக்கிறது. இன்று செவிலியர் பார்த்துவிட்டு, "இன்னும் ஒட்டாதீர்கள்" என்றார். தழும்பின் இடது முனையில் கடுகளவு பொருக்கு இருக்கிறது. பொருக்கு தானாக உதிர்ந்து, கசிவு எதுவும் இல்லாமல், தோல் முழுவதும் மூடிய பிறகுதான் பட்டை. மூடாத புண்மேல் ஒட்டினால் ஈரம் உள்ளே தேங்கி, ஆறுவது தாமதமாகுமாம். அதுவரை குளிக்கும்போது தண்ணீரை வழியவிட்டு, துண்டால் ஒற்றி எடுப்பது மட்டும்தான் வேலை. தேய்க்கக் கூடாது.

பிப்ரவரி 3 (25-ஆம் நாள்)

பொருக்கு உதிர்ந்து நான்கு நாட்களாகின்றன. கீழே இளஞ்சிவப்பு நிறத்தில் உலர்ந்த தோல். பட்டையைத் தழும்பின் நீளத்துக்கு வெட்டி, எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டேன். முனைகளை வட்டமாக வெட்டினால் உள்ளாடையில் சிக்கி உரிவதில்லை. முதல் பட்டையைச் சதுர முனையோடு ஒட்டிப் பாழாக்கிய பிறகு தெரிந்துகொண்டது.

முதல் நாள் நான்கு மணி நேரம். தோல் ஏற்றுக்கொண்டால் நாளுக்கு நாள் கூட்டி, கடைசியில் குளிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அணிய வேண்டும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள் என்றார் மருத்துவர். குறைந்தது இரண்டு, மூன்று மாதம் தொடர வேண்டும்.

பட்டையிலிருந்து மருந்து எதுவும் தோலுக்குள் இறங்குவதில்லை. புதிய தழும்பின் மேல்தோல் ஈரத்தை வேகமாக இழக்கிறது. அந்த வறட்சியை உணர்ந்த தோல், கீழே உள்ள செல்களை மேலும் மேலும் கொலாஜன் என்ற புரதத்தை உண்டாக்கத் தூண்டுகிறது, தழும்பு தடிக்கிறது. பட்டை மூடியிருக்கும்போது ஈரம் தங்குவதால் அந்தத் தூண்டுதல் அடங்குகிறது. அதனால்தான் நேரக் கணக்கு இவ்வளவு முக்கியம்.

பிப்ரவரி 12 (34-ஆம் நாள்)

இன்று காலை பட்டையை எடுத்ததும் பயந்துவிட்டேன். தழும்பைச் சுற்றிச் சிவந்து, சின்னச் சின்னப் பருக்கள், கடும் அரிப்பு. கிருமித்தொற்று என்றே நினைத்தேன்.

தொலைபேசியில் செவிலியர் கேட்ட முதல் கேள்வி: "சிவப்பு என்ன வடிவத்தில் இருக்கிறது?" பார்த்தால், அளவெடுத்தது போலப் பட்டையின் வடிவத்திலேயே இருந்தது. பட்டையின் ஓரத்தோடு நின்ற சிவப்பு, வலியைவிட அரிப்பு அதிகம் என்றால் அது பெரும்பாலும் பட்டையால் வந்த வேர்வைத் தடிப்பு. ஓரம் தெரியாமல் பரவும் சிவப்பு, தொட்டால் சூடு, கூடிக்கொண்டே போகும் வலி, சீழ், துர்நாற்றம், காய்ச்சல், இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். எனக்கு அவை எதுவும் இல்லை.

தவறு என்னுடையது. நான்கு மணியிலிருந்து மூன்றே நாளில் இருபது மணிக்குத் தாவியிருக்கிறேன். வயிற்று மடிப்பு தழும்பின்மேல் விழுவதால் அங்கே எப்போதும் வேர்வை. பட்டையைச் சோப்பால் கழுவியவள் சரியாக அலசவும் இல்லை. இரண்டு நாள் பட்டைக்கு விடுமுறை.

பிப்ரவரி 22 (44-ஆம் நாள்)

தடிப்பு அடங்கி, எட்டு மணி நேரத்திலிருந்து மறுபடி தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. தினமும் இருமுறை எடுத்து, தோலையும் பட்டையையும் கழுவி, இரண்டும் காய்ந்த பின்பே ஒட்டுகிறேன். பட்டையைத் துணியால் துடைத்தால் நூல் ஒட்டி அதன் பசை போய்விடுகிறது. காற்றில்தான் காய வேண்டும்.

இன்று ஆறாவது வாரப் பரிசோதனை. மசாஜ் செய்ய அனுமதி கிடைத்தது. முதலில் தழும்பைத் தொடாமல் அதைச் சுற்றி, பிறகு மேலே. விரல் நுனிகளை வைத்து, தோலின்மேல் வழுக்காமல், தோலையே அடியிலுள்ள தசைமேல் நகர்த்த வேண்டும்: மேலும் கீழும், பக்கவாட்டில், சிறு வட்டங்களாக. ஐந்து நிமிடம், நாளுக்கு இருமுறை. அழுத்தத்துக்கு அளவுகோல், விரல் நகம் லேசாக வெளிறுவது. இழுபடுவது தெரியலாம், கூர்மையான வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

தழும்புக்கு மேலே ஒரு கையகலம் மரத்துப்போயிருக்கிறது. தொட்டால் யாரோ இன்னொருவரின் வயிறு போல இருக்கிறது. அறுவையில் சிறு நரம்புகள் வெட்டுப்பட்டதால் வருவது. மீள மாதக்கணக்கில் ஆகும், சிறிது நிரந்தரமாகவும் தங்கலாம்.

மார்ச் 6 (56-ஆம் நாள்)

இடது முனையில் தோல் நகர மறுக்கிறது. வலப்பக்கம் தோலைக் கிள்ளித் தூக்கினால் முழுதாக எழுகிறது. இடப்பக்கம் தூக்கினால் நடுவில் ஒரு குழி விழுகிறது. தழும்பு அடித்திசுவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மசாஜ் நேரத்தில் பாதியை இப்போது அந்த இரண்டு சென்டிமீட்டருக்கே தருகிறேன்.

இன்னொரு தொல்லை: எண்ணெய் தடவி மசாஜ் செய்துவிட்டுப் பட்டையை ஒட்டினால் அரைமணியில் கழன்று விழுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் பிடித்தது என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. மசாஜ், சோப்பு போட்டுக் குளியல், நன்றாக உலர்த்தல், பிறகு பட்டை. வைட்டமின் ஈ எண்ணெய் ஒன்றைத் தோழி தந்தாள். அது சிலருக்கு ஒவ்வாமைத் தடிப்பைத் தரும் என்று மருத்துவர் தடுத்தார். வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் போதும்.

ஏப்ரல் 5 (86-ஆம் நாள்)

முன்பைவிடச் சிவந்து, இடது முனை தடித்துத் தெரிகிறது. இவ்வளவு செய்தும் இப்படியா என்று அழுகை வந்தது. முதல் சில மாதங்களில் தழும்பு சிவந்து தடிப்பது இயல்பு, அது முதிர ஓராண்டுக்கு மேலும் ஆகும் என்றார் மருத்துவர். அவர் பார்த்தது வேறு ஒன்றை: தடிப்பு வெட்டிய கோட்டுக்குள்ளேயே நிற்கிறதா, கோட்டைத் தாண்டி நல்ல தோலில் படர்கிறதா? தாண்டினால் கெலாய்டு, அதற்குப் பட்டை போதாது, ஸ்டீராய்டு ஊசி போன்றவை தேவைப்படும். என்னுடையது கோட்டுக்குள் நிற்கிறது. ஞாயிறுதோறும் அதே ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுத்து வரச் சொன்னார்.

மே 10 (121-ஆம் நாள்)

அக்காவுக்குத் தைராய்டு அறுவை முடிந்து இரண்டு மாதம். தழும்பு கழுத்தின் நடுவில். என் தழும்பை எப்போதும் உடை மூடியிருப்பதால் வெயிலைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அக்காவுக்கோ அதுதான் முதல் கவலை: புதிய தழும்பில் வெயில் பட்டால் நிறமி கூடிக் கருத்துவிடும், அந்தக் கருமை எளிதில் போகாது.

பகலில் கழுத்தில் பட்டை நிற்காததால் அவள் சிலிக்கோன் ஜெல்லை மெல்லியதாகத் தடவி, அது காய்ந்த பின் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடுகிறாள். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். மேலே ஒரு துணியும் சுற்றிக்கொள்கிறாள். துணியை விளக்கின் முன் பிடித்துப் பார்த்தோம். ஒன்று சல்லடையாக வெளிச்சத்தை விட்டது, அதை ஒதுக்கிவிட்டாள்.

ஜூன் 14 (156-ஆம் நாள்)

பத்து வாரப் புகைப்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரு வாரத்துக்கும் அடுத்ததற்கும் வித்தியாசமே தெரியவில்லை. முதலாவதற்கும் கடைசிக்கும் நடுவே சிவப்பு மங்கி, வலப்பக்கம் தட்டையாகிவிட்டது. இடது முனை இன்னும் கொஞ்சம் மேடுதான். கிள்ளித் தூக்கினால் குழி விழுவதில்லை. மரத்த பகுதி விரலகலமாகக் குறுகியிருக்கிறது, ஓரத்தில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு.

பட்டையை இனி இரவில் மட்டும். இடது முனைக்கு மட்டும் ஒரு சிறு துண்டு, பகலிலும்.